மெயின் சுவிட்சுக்கு யார் பொறுப்பு?



ஆண்டுத் திருவிழா வேலைகள் தொடங்கியாச்சு. அன்னதானத்துக்கு யார், தண்ணீர்ப் பந்தலுக்கு யார், தேர் வடத்துக்கு யார், கார் நிறுத்துற இடத்துக்கு யார் என்று பெயர்ப் பட்டியல் போடுகிறோம். அதில் ஒரு வரி மட்டும் இல்லை. மெயின் சுவிட்சுக்கு யார்? இந்தப் பதிவு அந்த ஒரு வரிக்காகத்தான். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

எங்கள் தொண்டர் குழுவில் பாதிப் பேர் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள். அங்கே ஒரு மெஷினைத் திறக்கணும்னா முதலில் கரண்டை நிறுத்தணும், சுவிட்சில் பூட்டு போடணும், பூட்டியவர் பெயரை அட்டையில் எழுதித் தொங்கவிடணும். பூட்டினவரே வந்து திறந்தால்தான் மறுபடி கரண்டு வரும். கோயிலில் இந்த வழக்கம் இல்லை. ஆனால் அபிஷேகத் தண்ணீர், மழை ஈரம், வெறுங்கால், இரும்புக் கூடாரம், நாலு பக்கமும் ஓடுற வயர் எல்லாம் ஒரே இடத்தில் சேர்வது கோயிலில்தான்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். சாயங்காலம் மழை விட்டிருக்கு. கூடாரத்து இரும்புக் காலில் ஒரு பெரிய விளக்கைக் கட்டியிருக்காங்க. கம்பி போட்டு இறுக்கிக் கட்டியதில் வயரின் மேல்தோல் வெட்டுப்பட்டு, உள்ளே இருக்கும் செம்பு இரும்புக் காலைத் தொடுது. பார்த்தால் ஒன்றுமே தெரியாது, விளக்கும் நல்லா எரியுது. ஒரு தம்பி ஈரக் காலோடு வந்து அந்தக் காலைப் பிடிக்கிறார். நம் ஊர் மின்சாரம் ஏறக்குறைய 240 வோல்ட். ஈரமான உடம்பின் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்தால், உடம்பு வழியாக 240 மில்லியாம்ப் ஓடும். அது ஒரு பழைய குண்டு பல்பு எடுக்கிற கரண்டு அளவுதான். ஆனால் இதயத்தின் துடிப்பைக் கலைக்க அது தாராளமாகப் போதும்.

அந்தத் தம்பி கத்த மாட்டார். அதுதான் ஆபத்து. கரண்டு தசைகளை இறுக்கிவிடும். விரல்கள் கம்பத்தை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், விட நினைத்தாலும் விட முடியாது. நெஞ்சுத் தசையும் இறுகுவதால் சத்தம் வராது. தூரத்திலிருந்து பார்த்தால் வலிப்பு மாதிரி தெரியும், சில பேர் சாமி வந்திருக்குன்னுகூட நினைப்பாங்க. ஒருவர் இரும்பையோ வயரையோ பிடித்தபடி விறைத்து நடுங்கினால், முதலில் கரண்டு என்றே நினைக்க வேண்டும்.

அடுத்த நொடி என்ன நடக்கும் என்று நமக்கே தெரியும். பக்கத்தில் இருக்கிற அண்ணன் ஓடிப்போய் தோளைப் பிடித்து இழுப்பார். பாசம்தான். ஆனால் அந்த நிமிஷத்தில் தம்பியின் உடம்பும் ஒரு வயர். தொட்ட அண்ணனும் ஈரத் தரையில் நிற்கிறார், அவரும் மாட்டிக்கொள்வார். பிறகு அவரை இழுக்க மூன்றாவது ஆள் வருவார்.

அதனால் எங்கள் கருத்து இதுதான். திருவிழா நாட்களில் மெயின் சுவிட்சுப் பெட்டி பக்கத்தில் ஒரு ஆள் நிற்கணும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. பெட்டிச் சாவி அவர் இடுப்பில் இருக்கணும். எந்த சுவிட்ச் எந்தப் பக்கம் என்று பெட்டிக்குள் எழுதி ஒட்டியிருக்கணும். யாராவது "கரண்டு, கரண்டு" என்று கத்தினால், எங்கே, யார் என்று கேட்காமல் மெயினை இறக்கிடணும். பூஜை நடுவில் ஒலிபெருக்கி நின்றுபோனால் பரவாயில்லை, தீபம் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

இறக்கினதோடு அவர் வேலை முடியாது. அவர் அங்கேயே நிற்கணும். ஏன்னா இருட்டானதும் யாரோ ஒருவர் நல்ல மனசோடு வந்து சுவிட்சை மேலே தள்ளுவார். கீழே தம்பியைத் தூக்கிக்கொண்டிருக்கிற ஆளுக்கு அப்போ அடிக்கும். தொழிற்சாலையில் பூட்டு செய்கிற வேலையைக் கோயிலில் இந்த ஆள் செய்வார்.

இன்னொன்று, ஜெனரேட்டர். வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரிலிருந்து கூடாரத்துக்குக் கரண்டு வந்தால், கோயில் மெயினை இறக்கி ஒரு பயனும் இல்லை. அதற்கும் ஒரு ஆள் வேண்டும். எந்த விளக்கு எதிலிருந்து ஓடுது என்பதை முதல் நாளே இரண்டு பேரும் சேர்ந்து நடந்து பார்த்துவிடணும்.

"இஎல்சிபி இருக்கே, அதுவே இறங்கிடுமே" என்று சிலர் சொல்வாங்க. 30 மில்லியாம்ப் கரண்டு தரைக்குக் கசிந்தால் வெட்டிவிடுகிற அந்தப் பெட்டி நல்ல காவல்தான். அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்க, இறங்கணும். ஆனால் அதற்கு முன்னாலேயே வயர் இழுத்திருந்தால் அது காப்பாற்றாது. ஒருவர் ஒரே நேரத்தில் லைவ், நியூட்ரல் இரண்டையும் தொட்டால், கரண்டு தரைக்குப் போகாததால் அதுக்குத் தெரியவே தெரியாது. மழை நேரத்தில் அது அடிக்கடி இறங்கினால் தொந்தரவு என்று டேப் ஒட்டி நிறுத்துவதோ, நேராக வயர் கொடுப்பதோ கூடவே கூடாது. இறங்குது என்றால் எங்கேயோ கசியுது என்று அர்த்தம்.

சுவிட்ச் தூரம், ஆளைக் காணோம் என்றால் என்ன செய்வது? பிளக்கைப் பிடுங்க முடிந்தால் பிடுங்குங்க. முடியாவிட்டால், காய்ந்த பிளாஸ்டிக் நாற்காலியிலோ காய்ந்த பலகையிலோ ஏறி நின்று, காய்ந்த மரக்கட்டையால் அவர் கையைக் கம்பத்திலிருந்து தள்ளிவிடுங்க. கோயில் துடைப்பம், மாப் குச்சி எல்லாம் இப்போ பெரும்பாலும் அலுமினியம் அல்லது இரும்பு. மேலே பெயிண்டும் பிளாஸ்டிக்கும் இருக்கும், நம்பாதீங்க. ஈரமான மரமும் வேண்டாம்.

இது வீட்டு மின்சாரத்துக்கு மட்டும். தெருவில் மேலே போகிற உயர் அழுத்தக் கம்பி என்றால் கதையே வேறு. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேரின் மேல்பகுதி அப்படிப்பட்ட கம்பியில் பட்டு 11 பேர் இறந்தாங்க. அந்த அழுத்தத்தில் கரண்டு காய்ந்த கட்டையையும் தாண்டி வரும், தரை வழியாகவும் வரும். குறைந்தது 18 மீட்டர் தள்ளி நிற்கணும், கூட்டத்தையும் நிறுத்தணும். 999-க்கும் டிஎன்பியின் 15454-க்கும் அழைத்து, கரண்டை வெட்டியாச்சு என்று அவர்கள் சொன்ன பிறகுதான் கிட்டே போகலாம். கண்ணெதிரே ஆள் கிடக்கும்போது காத்திருப்பது கொடுமைதான், ஆனால் வேறு வழியில்லை. அதனால்தான் ரதம் போகிற பாதையில் கம்பி எவ்வளவு உயரம், அலங்காரத்தோடு ரதம் எவ்வளவு உயரம் என்பதை முன்கூட்டியே அளந்துவிடணும்.

சரி, தம்பியிடம் திரும்பி வருவோம். மெயின் இறங்கியாச்சு, கை விட்டுப்போச்சு, தம்பி தரையில் கிடக்கிறார். இப்போ தொடலாம். ஷாக் அடித்தவர் உடம்பில் கரண்டு தங்காது. பல பேர் அந்தப் பயத்தில் சுற்றி நின்று பார்ப்பாங்க, அதில் போகிற நிமிஷம் திரும்பி வராது.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்க. பதில் இல்லை, மூச்சும் இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்க. எப்போதாவது ஒரு முறை வாயைத் திறந்து ஏங்குற மாதிரி இழுத்தால் அதுவும் மூச்சு இல்லை. "மூச்சு வருது, தண்ணி தெளிங்க" என்று ஏமாறுகிற இடம் இதுதான். ஒருவர் 999-க்கு அழைத்து "கரண்டு அடிச்சது, மூச்சு இல்லை" என்று சொல்லட்டும். இன்னொருவர் ஏஇடி கருவியை எடுத்து வர ஓடட்டும். மூன்றாவது ஆள் வாசலுக்குப் போய் ஆம்புலன்சுக்கு வழி விடட்டும், திருவிழாக் கூட்டத்தில் அதுதான் சிக்கும்.

நீங்கள் நெஞ்சை அழுத்த ஆரம்பியுங்க. தண்ணீர் தேங்கிய இடம் என்றால் முதலில் காய்ந்த தரைக்கு இழுத்துக்கொள்ளணும். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் அடுத்த கை. முழங்கை மடங்காமல் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுசா மேலே வரவிடணும். பயிற்சி எடுத்தவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 முறை மூச்சு கொடுக்கணும். கரண்டு அடித்தவர்களுக்கு மூச்சை நடத்துகிற தசைகளும் ஓய்ந்துபோயிருக்கலாம், அதனால் அந்த மூச்சுக்கு இங்கே மதிப்பு அதிகம். தெரியாதவர்கள் அழுத்துவதை மட்டும் நிறுத்தாமல் செய்யுங்க. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை ஆள் மாறணும், அதற்கு மேல் யாருக்கும் கை தளர்ந்துவிடும்.

ஆனால் அழுத்துவது மூளைக்கு ரத்தம் அனுப்புவதற்குத்தான். கரண்டு அடித்த இதயம் பெரும்பாலும் நின்றுபோவதில்லை, தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருக்கும். அதைச் சரியாக்குவது ஏஇடி கருவியின் அடி. ஒவ்வொரு நிமிஷம் தாமதமாகும்போதும் பிழைக்கிற வாய்ப்பு கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறையும். கருவியைத் திறந்து ஆன் செய்தால் அதுவே வழி சொல்லும். ஒரு ஒட்டி வலது காலர் எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில். படமும் போட்டிருக்கும்.

கோயிலில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. நெஞ்சில் சந்தனமும் விபூதியும் வியர்வையும் இருக்கும், அதன் மேல் ஒட்டி ஒட்டாது. தோளில் இருக்கும் துண்டால் நல்லா துடைத்துவிட்டு ஒட்டுங்க. சங்கிலி இருந்தால் தள்ளிவிடுங்க. காவடி எடுத்தவர் உடம்பில் வேல், கொக்கி இருந்தால் அதைப் பிடுங்க வேண்டாம், ஒட்டி அதன் மேல் படாமல் பார்த்தால் போதும். பெண் என்றால் தயங்கி நிற்பாங்க. சுற்றி நாலு அக்காமார் சேலையால் மறைத்துப் பிடிக்கட்டும், ஜாக்கெட்டை வெட்டி ஒட்டுங்க. மானத்தை மறைப்பால் காப்பாற்றலாம், உயிரை அப்படிக் காப்பாற்ற முடியாது. கருவி "தொடாதே" என்று சொன்னால் எல்லாரும் விலகணும், அடித்து முடிந்ததும் உடனே மறுபடி அழுத்தணும்.

தம்பி கண் விழித்து "ஒன்னுமில்லண்ணே" என்று எழுந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். தோலில் சின்னதாகத் தெரியும் தீக்காயம் உள்ளே பெரிதாக இருக்கலாம், துடிப்பு பிறகும் தடுமாறலாம்.

நிர்வாகத்திடம் எங்கள் கோரிக்கை இரண்டுதான். ஏஇடி வாங்கினால் அதை அலுவலக அறையில் பூட்டி வைக்காமல் எல்லாரும் பார்க்கிற சுவரில் மாட்டுங்க. ஒட்டியும் பேட்டரியும் காலாவதி ஆகும், தேதியைக் கவனிக்க ஒருவரை நியமியுங்க. அடுத்து, இந்த வாரக் கூட்டத்தில் பெயர்ப் பட்டியலில் ஒரு வரி சேருங்க: மெயின் சுவிட்ச் ஒருவர், ஜெனரேட்டர் ஒருவர், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்று ஆள். ஆள் பத்தாது என்று சொல்லாதீங்க. வடம் பிடிக்க நூறு பேர் வருகிறார்கள், அதில் இரண்டு பேரை எடுத்தால் தேர் நிற்காது.