செட் மாத்திரை மகாத்மியம்

அன்னூர்ப் பக்கம் ஒரு சீர் வீட்டில், கை கழுவுகிற இடத்தில் மறுபடியும் அதைக் கேட்டேன். "சிக்குன்குனியா வலிதானுங்க? மெடிக்கல்ல செட் மாத்திரை வாங்கிப் போட்டுட்டு, வலியப் பாக்காம வேல செய்யுங்க. மூட்டு தானா இளகிப்போயிரும்." சொன்னவர் தறி ஓட்டுபவர். மூட்டுவலிக்கு மருந்து சொல்ல நம்மூரில் படிப்பு எதற்கு?

எங்கள் பெரியம்மாவும் அப்படித்தான் இளக்கப் பார்த்தார். காய்ச்சல் நாலாம் நாளே விட்டது. மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கியபடியே நின்றன. காகிதப் பொட்டலத்தில் பெயரில்லாத மூன்று மாத்திரை வந்தது. மறுநாளே எழுந்து இரண்டு எருமைகளைக் கறந்தார். அற்புதம்! பொட்டலம் தீர்ந்ததும் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மறுபடி பொட்டலம். ஒன்றரை மாதத்தில் சர்க்கரை எகிறியது. என்ன மாத்திரை என்று டாக்டர் கேட்டதற்கு, "வெள்ள ஒண்ணு, மஞ்ச ஒண்ணுங்க" என்றார். ஒரே ராத்திரியில் வீக்கத்தை வற்றவைத்து, சர்க்கரையை ஏற்றிவிடுவது வேறென்ன, ஸ்டீராய்டுதான். வாரக்கணக்கில் தின்றபின் அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து; டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

காய்ச்சல் நாட்களில் பாராசிட்டமால் போதும். டெங்குவைப் பரப்புவதும் அதே ஏடிஸ் கொசுதான். டெங்கு இல்லையென்று தெரியுமுன் டைக்ளோஃபினாக்கோ ஆஸ்பிரினோ போட்டால் ரத்தக்கசிவு வரலாம். டெங்கு இல்லையென்று உறுதியான பிறகு, வலி மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில், சாப்பிட்டபின், சில நாள் போடலாம். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ இருப்பவர்கள் அதையும் கேட்காமல் தொடக்கூடாது.

"வலியப் பாக்காம வேல" என்பது இன்னும் மோசம். பெரியம்மா கறந்தது வீங்கிய மணிக்கட்டை இறுக்கி முறுக்கித்தானே? அதற்காகப் படுத்தே கிடந்தாலும் மூட்டு இறுகும். காலையில் வெந்நீரில் கையை வைத்து, விரல்களை மெல்ல மடக்கி நீட்டலாம். மாலையில் வீக்கம் சுட்டால் துணியில் சுற்றிய ஐஸ். ஒரு வேலை செய்தபின் இரண்டு மணி நேரமாகியும் வலி அடங்கவில்லையா, மறுநாள் வீக்கம் கூடியிருக்கிறதா, அது அளவுக்கு மீறிய வேலை. பாதியாகக் குறைக்க வேண்டும். இப்போது பெரியம்மா ஒரு எருமையோடு நிறுத்திக்கொண்டு, மற்றதை மருமகளிடம் விட்டிருக்கிறார். டம்ளர் கையில் நிற்கிறது.

மூன்று மாதம் தாண்டியும் வீக்கம் நின்றால் மூட்டுவாத டாக்டரிடம் போக வேண்டும். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்து தேவையா என்று ரத்தம் பார்த்து அவர் சொல்வார். ஸ்டீராய்டால் வீக்கத்தை அமுக்கிவைத்துப் போனால் அவருக்கு என்ன தெரியும்?

2006இல் சிக்குன்குனியா வந்து ஊரே நொண்டியது. இன்றும் குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணி டிரம்மில் பிடித்துவைக்கிறோம், ஏடிஸ் அதில் முட்டையிடுகிறது. மூடி போட யாருக்கும் நேரமில்லை. கால் கிலோ பருப்புக்கே பில் தருகிறது மளிகைக் கடை. மாத்திரைப் பொட்டலத்தில் ஒரு பெயர் எழுதித் தரச் சொன்னால், மெடிக்கல்காரர் என்னைத்தான் வினோதமாகப் பார்க்கிறார்.