சூதாட்டத்துக்கு வங்கி போடும் பூட்டு

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பேருந்துக்குக் காத்திருப்போரிடையே லாட்டரிச் சீட்டு விற்போர் நடந்துகொண்டே இருக்கின்றனர். 1967இல் தொடங்கப்பட்ட கேரள அரசு லாட்டரி இன்றும் காகிதச் சீட்டாகவே விற்கப்படுகிறது. கையில் உள்ள ரூபாய் தீர்ந்தால் அன்றைய ஆசையும் தீர்ந்துவிடும். அதே நிறுத்தத்தில் நிற்கும் உழைப்பாளியின் கைபேசிக்குள் நடக்கும் சூதாட்டத்துக்கு அத்தகைய எல்லை இல்லை. அது நேரே வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை உறிஞ்சுகிறது. எனவே அதற்கான பூட்டும் வங்கியில்தான் போடப்பட வேண்டும்.

பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியைக் கேரள அரசு 2021 பிப்ரவரியில் தடை செய்தது. ரம்மி திறன் சார்ந்த விளையாட்டு என்று கூறி, அதே ஆண்டு செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அத்தடையை ரத்து செய்தது. ஒன்றிய அரசோ 2023 அக்டோபர் முதல் இந்தப் பந்தயப் பணத்தின் மீது 28 சதவீத ஜி.எஸ்.டி. வசூலித்தது. 2025 ஆகஸ்டில்தான் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இவற்றுக்கான பணப் பரிமாற்றத்தை வங்கிகள் நடத்தவோ அனுமதிக்கவோ கூடாது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்று அது கூறுகிறது. ஆடுபவரை இச்சட்டம் தண்டிப்பதில்லை. ஆகவே வங்கிக் கிளைக்குச் சென்று உண்மையைச் சொல்ல உழைப்பாளி அஞ்ச வேண்டியதில்லை.

சூதாட்டப் பணத்தை வங்கி எவ்வாறு அடையாளம் காண்கிறது? பணம் பெறும் ஒவ்வொரு வணிக நிறுவனத்துக்கும் நான்கு இலக்க வகைக் குறியீடு உண்டு. சூதாட்டத்துக்கு உரியது 7995. கார்டு வழியே இக்குறியீட்டுடன் கோரிக்கை வந்தால் வங்கியின் கணினி மறுத்துவிடும். இந்தப் பூட்டின் ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயச் செயலிகள் பணத்தைத் தம் பெயரில் வாங்குவதில்லை. வறுமையில் உள்ள இளைஞர்களுக்குச் சில ஆயிரம் கொடுத்து, அவர்களது வங்கிக் கணக்குகளை வாடகைக்கு எடுத்து, யு.பி.ஐ. மூலம் அவற்றில் வாங்குகின்றன. வங்கியின் கண்ணுக்கு இது ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிய கைமாற்றாகவே தெரியும்.

சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரது கணக்கு விவரத்தில் சூதாட்டம் என்ற சொல்லே இராது. நள்ளிரவுக்குப் பின் 500, 1,000, 2,000 என முழுத் தொகைகள், முன்பின் அறியாத வெவ்வேறு தனிநபர் பெயர்களுக்குச் சென்றிருக்கும். இதுதான் அடையாளம். இவருக்குக் குறியீட்டுத் தடை மட்டும் போதாது. மூன்று செயல்கள் தேவை.

முதலாவது, கார்டு. இணையவழி, வெளிநாட்டுப் பரிமாற்றங்களை நிறுத்தவும், வரம்பைக் குறைக்கவும் வாடிக்கையாளருக்கு வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் உத்தரவிட்டுள்ளது. வங்கிச் செயலியிலோ கிளையிலோ இதைச் செய்யலாம். இரண்டாவது, யு.பி.ஐ. கூலி வந்து சேரும் கணக்கிலிருந்து யு.பி.ஐ. இணைப்பை நீக்கி, தானாகப் பணம் எடுக்கும் ஒப்புதல்கள் இருந்தால் அவற்றையும் ரத்து செய்ய வேண்டும். அன்றாடச் செலவுக்குச் சிறு தொகையுடன் தனிக் கணக்கு போதும். மூன்றாவது, எழுத்துபூர்வ மனு. 7995 வகைப் பரிமாற்றங்களை மறுக்க வேண்டும், நிறுத்திய வசதிகளைத் தாம் நேரில் வந்து எழுதிக் கொடுத்தாலன்றி மீண்டும் திறக்கக் கூடாது என்று கிளை மேலாளருக்கு எழுதி, நகலில் முத்திரையுடன் ஒப்புகை பெற வேண்டும். கார்டு வசதிகளை நிறுத்தித் தர வங்கி மறுத்தாலோ, 30 நாளில் பதில் தராவிட்டாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

மனுவின் இரண்டாம் கோரிக்கையே உயிர்நாடி. பகலில் தெளிந்த மனத்துடன் அணைத்த பொத்தானை, இரவில் தோற்ற பணத்தை மீட்கும் வெறியில் அதே விரல் மீண்டும் திறந்துவிடும். பிரிட்டனில் மான்சோ வங்கி 2018இல் கொண்டுவந்த சூதாட்டத் தடையை நீக்க 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளிதான் பலரைக் காக்கிறது. இங்கே அத்தகைய காத்திருப்பைக் கட்டாயமாக்கும் விதி இல்லை. மேலாளரின் நல்லெண்ணத்தை நம்பியே மனு கொடுக்க வேண்டியுள்ளது.

எனவே ஒவ்வொரு வங்கிச் செயலியிலும் சூதாட்டத் தடைக்கெனத் தனிப் பொத்தானும், அதை நீக்கக் கட்டாயக் காத்திருப்பும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கியிடம் தொழிற்சங்கங்கள் கோர வேண்டும். அதுவரை, கூலி நாளுக்கு முன்பே தொழிலாளியுடன் வங்கிக் கிளைக்குச் சென்று அந்த மனுவைக் கொடுக்கச் செய்வது கிளைத் தோழர்களின் வேலைப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.