நூறு கிராம் பொங்கல் என்றால் எந்த நூறு கிராம்?

முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் காலை டிபன் என்பது ஒரு கணக்கும்கூட. தட்டில் இருக்கும் உணவில் மாவுச்சத்து எத்தனை கிராம் என்று தெரிந்தால்தான், மருத்துவர் சொல்லிக் கொடுத்த விகிதப்படி இன்சுலினை முடிவு செய்ய முடியும். பிரெட் பாக்கெட்டில் அந்த எண் அச்சடித்தே வருகிறது. அம்மா கிண்டும் வெண்பொங்கலுக்கு யார் அச்சடித்துத் தருவார்கள்?

அதனால் பல வீடுகளில் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கும். ‘பொங்கல் ஒரு கரண்டி இத்தனை, இட்லி ஒன்று இத்தனை’ என்று எழுதி வைப்பார்கள். கொஞ்ச நாளிலேயே சிக்கல் வந்துவிடும். கரண்டி மாறும். பாட்டி வந்தால் நெய் கூடும். பச்சரிசிக்குப் பதில் ஒருநாள் சாமை வரும். எழுதிய எண் எந்தப் பொங்கலுக்கானது என்பது எழுதியவருக்கே மறந்துபோகும்.

இதற்குத் தீர்வு, போனில் இருக்கும் கூகுள் ஷீட்ஸ் போன்ற செயலியிலேயே ஒரு சின்ன டேட்டாபேஸ் அமைப்பது. அதற்கு மூன்று அட்டவணைகள் போதும்.

முதல் அட்டவணையின் பெயர் foods. கடையில் வாங்கும் பொருள்கள் மட்டுமே இதில் வரும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி. அந்த வரியில் வரிசை எண், பெயர், அதன்பின் 100 கிராமுக்கு எத்தனை கலோரி, எவ்வளவு மாவுச்சத்து, புரதம், கொழுப்பு என்ற பத்திகள். எல்லாமே 100 கிராமுக்கு என்பதுதான் விதி. ஒரு கப்புக்கு, ஒரு பழத்துக்கு என்று நடுவில் ஒன்றை நுழைத்தால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடும்.

வரிசை எண் எதற்கு, பெயரே போதாதா என்று தோன்றலாம். பாசிப்பருப்பு, பயத்தம்பருப்பு, சிறுபருப்பு என்று ஒரே பருப்புக்கு மூன்று பெயர் இருக்கும் ஊர் இது. அம்மா ஒரு பெயரிலும் அப்பா இன்னொரு பெயரிலும் எழுதினால் கணினிக்கு அவை இரண்டு வேறு பொருள்கள். எண் 2 என்றால் எப்போதும் அந்தப் பருப்பு மட்டும்தான்.

இரண்டாவது அட்டவணை recipes. வரிசை எண், சமையலின் பெயர், சமைத்து முடித்தபின் மொத்த எடை. இவ்வளவுதான்.

மூன்றாவது items. இதுதான் முதல் இரண்டையும் இணைக்கும் கயிறு. எந்தச் சமையல், எந்தப் பொருள், எத்தனை கிராம் என்ற மூன்று பத்திகள். பொங்கலில் நான்கு பொருள் போட்டால் நான்கு வரி, சாம்பாரில் பதினான்கு போட்டால் பதினான்கு வரி. ‘பொருள் 1, பொருள் 2’ என்று சமையல் அட்டவணையிலேயே பத்திகளை நீட்டிக்கொண்டு போனால், பத்துப் பத்தி வைத்தவருக்குப் பதினோராவது பொருளுக்கு இடம் இருக்காது.

பச்சரிசியின் சத்து எண்களை items அட்டவணையில் மறுபடி எழுதக் கூடாது. அவை foods அட்டவணையில் ஒரே இடத்தில் இருக்கட்டும். அங்கே ஒரு எண்ணைத் திருத்தினால், அரிசி போட்ட எல்லாச் சமையலும் தானாகத் திருந்திவிடும். items அட்டவணையின் நான்காவது பத்தியில், மாவுச்சத்தைத் தேடி எடுத்துக் கணக்கிட இந்த ஒரு சூத்திரம் போதும்:

```
=C2*VLOOKUP(B2,foods!A:F,4,FALSE)/100
```

B2 என்பது பொருளின் எண். C2 அதன் கிராம். 4 என்பது foods அட்டவணையில் மாவுச்சத்து இருக்கும் நான்காவது பத்தி. கடைசியில் உள்ள FALSE முக்கியம். அதை விட்டுவிட்டால், கேட்ட எண் இல்லாதபோது ‘இல்லை’ என்று சொல்லாமல், அதற்குப் பக்கத்தில் உள்ள ஏதோ ஒரு பொருளின் மதிப்பைச் செயலி எடுத்துக் கொடுத்துவிடும்.

இனி ஒரு பொங்கலைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பச்சரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 100, நெய் 40, முந்திரி 20. மிளகு, சீரகம், இஞ்சி எல்லாம் சில கிராம்தான் என்பதால் இங்கே விட்டுவிடலாம். 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து 78.2 கிராம் என்றால், 200 கிராமில் 156.4. பருப்பில் 52.6. நெய்யில் மாவுச்சத்து இல்லை. முந்திரி 100 கிராமுக்கு 25.5 என்றால், 20 கிராமுக்கு 5.1. ஆக, பானை முழுவதும் சேர்த்து 214.1 கிராம்.

இதுவரை தவறு நேர வாய்ப்புக் குறைவு. அடுத்த படியில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். 100 கிராம் பொங்கலுக்கு எவ்வளவு? போட்ட பொருள்களின் எடையைக் கூட்டினால் 360 கிராம். 214.1ஐ 360ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 59.5 வருகிறது. ஆனால் அது வேகாத அரிசியும் பருப்பும் நெய்யும் கலந்த கலவையின் நூறு கிராம். அதை யாரும் தட்டில் வைத்துச் சாப்பிடுவதில்லை.

குக்கரில் 1200 மில்லி தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அதில் கொஞ்சம் ஆவியாகப் போயிருக்கும். மீதி முழுவதும் பொங்கலுக்குள்தான் இருக்கிறது. இறக்கியபின் நிறுத்தால் 1400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 214.1ஐ 1400ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 15.3. இதுதான் தட்டில் விழும் பொங்கலின் எண். recipes அட்டவணையில் இதற்கான சூத்திரம்:

```
=SUMIF(items!A:A,A2,items!D:D)/C2*100
```

இரண்டு எண்களுக்கும் உள்ள தூரத்தைத் தட்டில் வைத்துப் பார்த்தால்தான் ஆபத்து புரியும். பிள்ளை 250 கிராம் பொங்கல் சாப்பிடுகிறான். சரியான கணக்கில் மாவுச்சத்து சுமார் 38 கிராம். தவறான கணக்கில் 149 கிராம். அதை நம்பி இன்சுலின் போட்டால் தேவையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு உள்ளே போய்விடும். சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். சூத்திரத்தில் பிழை இல்லை, எண்களும் சரியானவை. எதன் நூறு கிராம் என்பதில் மட்டும்தான் குழப்பம்.

எனவே சமைத்த எடை என்ற அந்த ஒரு பத்திதான் இந்த டேட்டாபேஸின் உயிர். அதை ஊகித்து எழுதக் கூடாது. ஒரு வழி இருக்கிறது. வீட்டில் இருக்கும் குக்கர், வாணலி, குண்டான் எல்லாவற்றையும் ஒருமுறை காலியாக நிறுத்து, எடையைக் குறித்து வைத்துக்கொண்டால், சமையல் முடிந்ததும் பாத்திரத்தோடு நிறுத்துக் கழித்தால் போதும். சூடான பாத்திரத்தைத் தராசில் வைக்கும்போது கீழே ஒரு மரப்பலகை போட்டு, அதன் எடையைப் பூஜ்யமாக்கிக்கொள்ள வேண்டும்.

இரவில் மீதிப் பொங்கலில் வெந்நீர் விட்டு இளக்கினால் அந்த 15.3 செல்லாது. மாவுச்சத்து அதேதான், ஆனால் எடை கூடிவிட்டது. 500 கிராம் மீதியில் 100 மில்லி சேர்த்தால் 100 கிராமுக்கு 12.8 ஆகிவிடும்.

சத்து எண்களை எங்கிருந்து எடுப்பது? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியல் இதற்கு நல்ல ஆதாரம். அதில் ஆற்றல் கலோரியில் இல்லை, கிலோஜூலில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 4.184ஆல் வகுத்தால் கிலோகலோரி. வகுக்க மறந்தவர்களைப் பிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. சுத்தக் கொழுப்புக்கே 100 கிராமுக்கு 900 கிலோகலோரிதான். அரிசிக்கு நேராக 1400க்கு மேல் ஒரு எண் நின்றால் அது கிலோஜூல்தான். காய்கறிகளில் இந்தச் சோதனை பலிக்காது. அங்கே மாவுச்சத்தையும் புரதத்தையும் நான்கால், கொழுப்பை ஒன்பதால் பெருக்கிக் கூட்டிப் பார்க்கலாம். ஏறக்குறைய அந்தக் கலோரிக்குப் பக்கத்தில் வர வேண்டும். நாலு மடங்கு தள்ளி நின்றால் அலகு தவறு.

இன்னொரு குழப்பமும் காத்திருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் பட்டியலில் மாவுச்சத்து என்று போட்டிருக்கும் எண்ணில் நார்ச்சத்தும் அடக்கம். இந்தியப் பட்டியலில் நார்ச்சத்தைத் தனியாகப் பிரித்துவிட்டுத்தான் மாவுச்சத்தைச் சொல்கிறார்கள். பருப்பு, பயறு வகைகளில் இந்த வித்தியாசம் பெரிதாகவே தெரியும். இரண்டையும் கலந்து எழுதினால் கூட்டல் அர்த்தமில்லாமல் போகும். foods அட்டவணையின் கடைசியில் ‘எங்கிருந்து எடுத்தது’ என்று ஒரு பத்தி வைத்தால், கலப்படம் கண்ணில் பட்டுவிடும்.

கடைசியாக, காலிக் கட்டம். நெய்யின் மாவுச்சத்து பூஜ்யம். அங்கே 0 என்று எழுத வேண்டும். புதிதாக வாங்கிய சத்துமாவின் எண் இன்னும் தெரியவில்லை என்றால் கட்டம் காலியாக இருக்கும். முன்னது ‘இல்லை’, பின்னது ‘தெரியாது’. மனிதருக்குப் புரியும் இந்த வேறுபாடு மேலே சொன்ன சூத்திரத்துக்குப் புரியாது. காலிக் கட்டத்தையும் பூஜ்யமாகவே பெருக்கி, கூட்டலைச் சத்தமில்லாமல் குறைத்துவிடும். கஞ்சியில் மாவுச்சத்தே இல்லை என்று பெருமையாகக் காட்டும். அதனால் தெரியாத இடத்தில் காலியாக விடாமல் ‘தெரியாது’ என்று எழுத்தில் போட்டுவிட வேண்டும். எழுத்தைப் பெருக்க முடியாமல் சூத்திரம் பிழை காட்டும். கூட்டலும் அதோடு நின்றுவிடும். தவறான எண்ணைவிட நின்றுபோன கணக்கு நல்லது.

இந்த அமைப்புக்கும் எல்லை உண்டு. பூரி, வடை எவ்வளவு எண்ணெய் குடித்தது என்பதை அட்டவணை சொல்லாது. பொரிப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணெயை நிறுத்துக் கழித்தால் ஓரளவு தெரியும். சாம்பாரில் ஒரு கரண்டியில் பருப்பும் மறு கரண்டியில் தெளிவும் வரும். நன்றாகக் கலக்கி ஊற்றினால்தான் சராசரி பொருந்தும். இன்சுலின் அளவை முடிவு செய்வது மருத்துவர் சொன்ன விகிதம். அட்டவணை தருவது தட்டில் இருக்கும் கிராமை மட்டுமே.

தொடங்குவதற்கு நூறு பொருள்கள் வேண்டாம். அந்த வாரம் வீட்டில் செய்யும் மூன்று டிபனும் அவற்றில் சேரும் பொருள்களும் போதும். அடுத்த முறை பச்சரிசிக்குப் பதில் சாமை போட்டால், items அட்டவணையில் ஒரே ஒரு எண்ணை மாற்றி, குக்கரை மறுபடி தராசில் வைக்க வேண்டியதுதான் வேலை.