வாட் அல்ல, உள்ளே இருக்கும் இடைவெளிதான் ஆபத்து

பழுதான போனைக் கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி, "வேற சார்ஜர் போட்டீங்களா?" என்பதுதான். 25 வாட் போனில் 65 வாட் சார்ஜரைச் செருகினால் போன் கருகிவிடும் என்ற அச்சம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அந்த அச்சம் தவறானது. அதைத் திருத்தாமல் விட்டிருப்பதில் போன் நிறுவனங்களுக்கும் பங்குண்டு. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அதை அரசு ஒரு விதியாலும், விடாத சந்தைச் சோதனையாலும் பெருமளவு குறைத்துவிட முடியும்.

முதலில், அந்த 65 வாட் சார்ஜரைச் செருகியதும் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். டைப்-சி பின் உள்ள சார்ஜர், எதுவும் செருகப்படாதபோது மின்சாரமே தருவதில்லை. மறுமுனையில் போன் இருக்கிறது என்று பின்னில் உள்ள ஒரு சிறு கம்பி வழியே தெரிந்தபிறகுதான் 5 வோல்ட்டைத் திறந்துவிடுகிறது. பிறகு, உணவகத்தில் இருப்பதையெல்லாம் சொல்லும் சர்வரைப்போல, தன்னிடம் உள்ளவற்றை வரிசையாகச் சொல்கிறது: 5 வோல்ட்டில் 3 ஆம்பியர், 9 வோல்ட்டில் 3, 15 வோல்ட்டில் 3, 20 வோல்ட்டில் 3.25. அதில் எது வேண்டும் என்று கேட்பது போன். 25 வாட் போன் 9 வோல்ட்டைக் கேட்டால் சார்ஜர் ஒப்புக்கொண்டு அதற்கு மாறும். 20 வோல்ட்டை அது தானாக அனுப்பாது. அந்த 9 வோல்ட்டிலும் எத்தனை ஆம்பியர் இழுப்பது என்பதைப் போனுக்குள் இருக்கும் சார்ஜிங் சிப் முடிவு செய்கிறது. 65 என்பது சார்ஜரின் உச்ச வரம்பு மட்டுமே. போனுக்குள் அத்தனையும் திணிக்கப்படுவதில்லை.

இந்தப் பேச்சுவார்த்தைக்குப் பெயர் யுஎஸ்பி பவர் டெலிவரி, சுருக்கமாக பி.டி. ஐபோன், கூகுள் பிக்ஸல், சாம்சங் எல்லாம் இதையே பேசுகின்றன. 2017-ல் இதனுடன் பி.பி.எஸ். என்ற நுணுக்கம் சேர்ந்தது. 9 அல்லது 15 என்று பெரிய படிகளாகத் தாவாமல், மின்னழுத்தத்தை 0.02 வோல்ட் படிகளில் மாற்றித் தரும்படி போன் கேட்கலாம். பேட்டரிக்கு அந்த நொடியில் தேவைப்படும் அழுத்தத்துக்கு அருகிலேயே சார்ஜர் நிற்பதால் போனுக்குள் அழுத்தத்தைக் குறைக்கும் வேலை குறைகிறது, சூடும் குறைகிறது. சாம்சங் போன்களில் `Super fast charging` என்று திரையில் வர பி.பி.எஸ். உள்ள சார்ஜர் வேண்டும். பி.டி. மட்டும் உள்ள நல்ல சார்ஜரைப் போட்டால் போன் கெடாது, வேகம் ஒரு படி இறங்கும்.

ஒப்போ வேறு வழியில் போனது. 2014-ல் ஃபைண்ட் 7 போனுடன் வந்த வூக் முறையில், அழுத்தத்தை உயர்த்தாமல் 5 வோல்ட்டிலேயே சுமார் 4 ஆம்பியர் அனுப்பினார்கள். அழுத்தத்தைச் சரிசெய்யும் வேலை போனிலிருந்து சார்ஜருக்கு மாறியதால் சூடும் சார்ஜர் பக்கம் போனது. இது நல்ல பொறியியல்தான். ஆனால் அதற்கென்றே தடித்த கேபிளும் அதே குடும்பத்து சார்ஜரும் வேண்டும். சீன நிறுவனங்கள் பலவும் இப்படித் தனித்தனி மொழி பேசும் சார்ஜர்களை உருவாக்கின. குவால்காமின் குவிக் சார்ஜ் வேறொரு மொழி, ஆனால் அது நான்காவது பதிப்பிலேயே பி.டி.யோடு சமரசம் செய்துகொண்டது. மொழி புரியாத சார்ஜரும் போனும் சேர்ந்தால் நடப்பது ஒன்றுதான்: இரண்டும் சாதாரண 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். போன் மெதுவாக ஏறும், அவ்வளவே.

அப்படியென்றால் மலிவு சார்ஜரால் போன் கெடவே கெடாதா? கெடும். ஆளையும் கொல்லலாம்.

சார்ஜரின் ஒரு பாதியில் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட், மறு பாதியில் கையில் பிடிக்கும் போனுக்குப் போகும் 5 வோல்ட். இரண்டுக்கும் நடுவே எந்தக் கம்பித் தொடர்பும் இருக்கக் கூடாது. சின்ன டிரான்ஸ்பார்மர் வழியே காந்தப்புலமாகத்தான் ஆற்றல் கடக்க வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் கென் ஷெரிஃப், ஆப்பிளின் ஐபேட் சார்ஜரையும் அதன் அச்சு அசலான போலியையும் அறுத்துப் பார்த்து அளந்திருக்கிறார். ஆப்பிளின் பலகையில் உயர் அழுத்தப் பகுதிக்கும் தாழ் அழுத்தப் பகுதிக்கும் இடைவெளி 5.6 மில்லிமீட்டர். போலியில் 0.6 மில்லிமீட்டர். மழைக்காலத்தில் சுவரோரம் வியர்க்கும் ஈரமோ, உருகி வழிந்த ஒரு துளி ஈயமோ அந்த அரை மில்லிமீட்டரைக் கடக்கப் போதும். அதன்பின் மறுபக்கம் வருவது வீட்டு மின்சாரம். போனுக்குள் உள்ள மிகை அழுத்தப் பாதுகாப்பு சிப் சில வோல்ட் தவறுகளைத் தாங்குமே தவிர, 230 வோல்ட்டுக்கு அது தடுப்பல்ல.

டிரான்ஸ்பார்மரின் கம்பிச் சுருள்களுக்கு நல்ல சார்ஜரில் மூன்று அடுக்கு உறையிட்ட கம்பியைப் பயன்படுத்துகிறார்கள். மலிவில் வெறும் எனாமல் பூச்சுக் கம்பியும் ஒரு சுற்று டேப்பும். இரு பாதிகளுக்கும் நடுவே பாலமாக இருக்கும் அங்கங்களில் ஒன்று, இரைச்சலை அடக்க வைக்கும் ஒரு நீல நிற கெபாசிட்டர். பழுதானாலும் ஷார்ட் ஆகாமல் திறந்துகொள்ளும்படி அதற்கென்றே தனி வகை உண்டு. அங்கே சாதாரண கெபாசிட்டரை வைத்தால் சில பைசா மிச்சம், ஆனால் அது ஷார்ட் ஆகும் நாளில் போனின் உலோக விளிம்பு மின்கம்பியாகிவிடும்.

2016-ல் யுஎல் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம், ஆப்பிள் பெயரில் விற்ற 400 போலி அடாப்டர்களைச் சோதித்தது. தேறியவை 3. பன்னிரண்டு, தொடுபவரைக் கொல்லும் அளவுக்கு மோசம்.

நம் ஊரில் இன்னொரு கணக்கையும் சேர்க்க வேண்டும். 230 வோல்ட் மாறுமின்னோட்டம் சார்ஜருக்குள் நேர்மின்னோட்டமாகும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது. அங்கே இருக்கும் கெபாசிட்டரின் தாங்குதிறன் பொதுவாக 400 வோல்ட். லைனில் 283 வோல்ட் வந்தாலே அந்த எல்லையைத் தொட்டுவிடும். மழைக்காற்றில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரை வரலாம். நல்ல சார்ஜரில் ஃபியூஸோ, எரிந்து துண்டிக்கும் ரெசிஸ்டரோ தன்னைப் பலி கொடுத்து மற்றவற்றைக் காக்கும். அதைக்கூடச் சேர்க்காத சார்ஜர்கள் வெடிக்கின்றன, தீப்பிடிக்கின்றன. தலையணைக்கடியில் சார்ஜ் போடும் வீடுகளுக்கு இது சிறிய விஷயம் அல்ல.

கேபிளும் குற்றவாளியாகலாம். கூகுளில் பணியாற்றிய பொறியாளர் பென்சன் லியுங், 2015 முதல் இணையத்தில் விற்ற டைப்-சி கேபிள்களை வாங்கிச் சோதித்துவந்தார். 2016 பிப்ரவரியில் ஒரு கேபிள் அவருடைய மடிக்கணினியையே கொன்றது. உள்ளே நேர் கம்பியும் பூமிக் கம்பியும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தன. வேறு பல கேபிள்களில் 56 கிலோஓம் இருக்க வேண்டிய ரெசிஸ்டருக்குப் பதில் 10 கிலோஓம் இருந்தது. அந்தச் சிறு துண்டு, "3 ஆம்பியர் தாராளமாக எடு" என்று போனிடம் பொய் சொல்கிறது. மறுமுனையிலோ அவ்வளவு தர முடியாத பழைய சார்ஜர் அல்லது கணினிப் போர்ட். சூடேறுவது அதுதான். அடுத்த மாதமே அமேசான் விதிமுறைக்கு ஒவ்வாத டைப்-சி கேபிள்களுக்குத் தடை விதித்தது.

மோசமான சார்ஜரை வெளியிலிருந்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சார்ஜில் இருக்கும்போது திரை தானாக நகர்ந்தாலோ, தொடாத எழுத்து விழுந்தாலோ, கழற்றியதும் அது நின்றாலோ, சார்ஜரின் மின்சாரம் கலங்கலாக வருகிறது என்று பொருள். திரை உணர்வது விரலின் மிகச் சிறிய மின்னூட்டத்தை, அந்த இரைச்சல் அதைக் குழப்பிவிடுகிறது. இரண்டு பின் சார்ஜரில் உலோக போனைத் தொட்டால் லேசான கூச்சம் தெரிவது நல்ல சார்ஜரிலும் உண்டு. அது சுருக்கென்ற ஷாக்காக மாறினால் அந்த சார்ஜரை அன்றோடு தூக்கி எறிய வேண்டும். பிளக் முனை பழுப்பேறினாலும் அப்படியே. பேட்டரியின் ஆயுள் குறைவதற்கு மட்டும் மலிவு சார்ஜரைக் குறை சொல்வது பெரும்பாலும் தவறு. அங்கே எதிரி சூடு, அதுவும் வேகமாக ஏற்றும்போது கூடுகிறது.

ஆக, விலை ஒரு அளவுகோல் அல்ல. இருநூறு ரூபாய்க்கு முறையாகச் செய்த 5 வோல்ட் சார்ஜர், பிராண்ட் பெயரைத் திருடிய ஆயிரம் ரூபாய்ப் போலியைவிடப் பாதுகாப்பானது. ஆனால் மக்கள் போலியைத் தேடிப் போகும் நிலையை உருவாக்கியது யார்? 2020 அக்டோபரில் ஐபோன் 12-ன் பெட்டியிலிருந்து சார்ஜர் நீங்கியது. அடுத்த ஜனவரியில் சாம்சங் எஸ்21 தொடரும் அதே வழியில் போனது. மின்குப்பை குறையும் என்றார்கள். வேகம் வேண்டுமானால் எங்கள் சார்ஜரையே வாங்கு என்ற தனிமொழிகள் மறுபக்கம் தொடர்ந்தன. கம்பெனி சார்ஜரின் விலையைக் கேட்டுத் திரும்பியவர், நடைபாதைக் கடையில் அதே பெயர் அச்சிட்ட பெட்டியை வாங்குகிறார்.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த முடிச்சைச் சரியான இடத்தில் அவிழ்த்தது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்கும் போன்களுக்கு டைப்-சி கட்டாயம். அத்தோடு நிற்கவில்லை. 15 வாட்டுக்கு மேல் ஏறும் போன் பி.டி.யையும் முழுமையாகப் பேச வேண்டும், தனிமொழி வேண்டுமானால் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். எத்தனை வாட் தேவை என்பது பெட்டியிலேயே அச்சாக வேண்டும்.

இந்தியாவிலும் 2022-ல் நுகர்வோர் விவகாரத் துறை தொழில்துறையினரைக் கூட்டிப் பேசியது, டைப்-சிக்கு உடன்பாடு வந்தது. 2023 ஜனவரியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட தரம், பின்னும் கேபிளும் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. பின் ஒன்றாகி மொழி பலவாக இருந்தால், வாங்குபவரின் குழப்பம் அப்படியே இருக்கும். எனவே, டைப்-சியைக் கட்டாயமாக்கும் ஆணையில் 15 வாட்டுக்கு மேற்பட்ட போன்களுக்கு பி.டி.யும் பி.பி.எஸ்.ஸும் கட்டாயம் என்ற வரி இடம்பெற வேண்டும். சார்ஜர் பெட்டியில் எந்தெந்த வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்பதைப் படிக்கும் அளவில் அச்சிட வைக்க வேண்டும்.

இரண்டாவது, கண்காணிப்பு. இங்கு விற்கும் சார்ஜர்களில் `R-` என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். அதை `BIS Care` செயலியில் இட்டால் யார் தயாரித்தது, எந்த பிராண்ட் என்று தெரியும். ஆனால் போலி செய்பவர் அந்த எண்ணையும் நகலெடுத்து அச்சிடலாம். செயலியில் எண் சரியாக இருப்பதும் உள்ளே 5.6 மில்லிமீட்டர் இருப்பதும் ஒன்றல்ல. சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் விற்பனைக்கு இருப்பவற்றை அதிகாரிகள் வாங்கி, அறுத்து, அளந்து, தேறாதவற்றின் பெயரையும் எண்ணையும் மாதந்தோறும் வெளியிட வேண்டும். அந்தப் பட்டியல் வந்த நாளிலேயே இணையக் கடைகள் அவற்றை நீக்குவதும் சட்டக் கடமையாக வேண்டும்.