வரம்புக்குள் நஷ்டம், வாடகையோடு

ஆப்ஷன் வாங்கினால் நஷ்டம் கட்டிய பிரீமியத்தோடு நின்றுவிடும், லாபத்துக்கோ உச்சவரம்பு கிடையாது. ஆகவே வாங்குவதுதான் புத்திசாலித்தனம், தீட்டா என்பது விற்பவர்கள் கிளப்பிவிடும் பூச்சாண்டி. நண்பரின் நீண்ட கட்டுரையில் வாதம் என்று இருப்பது இவ்வளவுதான். முன்பாதி ஏறத்தாழ உண்மை. அந்த ‘ஆகவே’க்குள்தான் முழுப் பூசணிக்காயை மறைத்து வைத்திருக்கிறார்.

அவர் சிலாகிக்கும் ஆப்ஷன் விலை வளைவை நானே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நிஃப்டி 24,000இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்பைரிக்கு 30 நாள். சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு 13 சதவீதம். வட்டியை விட்டுவிட்டால், பிளாக்-ஷோல்ஸ் கணக்கில் 24,000 ஸ்டிரைக் கால் ஆப்ஷனின் விலை சுமார் 357 புள்ளி. வாங்கிய கையோடு நிஃப்டி 500 புள்ளி ஏறினால் அந்த கால் ஏறத்தாழ 307 புள்ளி கூடும். 500 இறங்கினால் 200தான் குறையும். ஏறும்போது வேகம் கூடுகிறது, இறங்கும்போது தேய்கிறது. இது யாரும் மறுக்காத நிஜம்.

ஆனால் ‘வாங்கிய கையோடு’ என்று சொன்னேனே, அதைக் கட்டுரையாளர் கவனிக்கவே இல்லை. நிஃப்டி அதே 24,000இல் அசையாமல் நின்றால், 20 நாள் மிச்சமிருக்கையில் அந்த கால் 291, 10 நாளில் 206, ஒரே நாள் மிச்சமிருக்கையில் 65, பிறகு பூஜ்யம். முதல் பத்து நாளில் 66 புள்ளி கரைந்தது, கடைசிப் பத்து நாளில் 206 கரைகிறது. “எக்ஸ்பைரிக்கு முன்பே விற்றுவிட்டால் தீட்டாவிடமிருந்து தப்பலாம்” என்கிறார். யாரிடம் விற்பார்? வாங்குகிறவருக்கும் நாள்காட்டி தெரியும். மிச்சமிருக்கும் நாளுக்குத்தான் அவர் விலை கொடுப்பார்.

இன்னும் கசப்பான கணக்கு ஒன்று உண்டு. 30 நாளில் நிஃப்டி 300 புள்ளி ஏறி 24,300இல் முடிகிறது. திசையைச் சரியாகக் கணித்தவருக்குக் கிடைப்பது 300, கொடுத்தது 357. ஜெயித்தும் 57 புள்ளி நஷ்டம்.

தீட்டா பூச்சாண்டி அல்ல, வளைவுக்கான வாடகை. அதே கால் ஆப்ஷனை வாங்கி, திசை ரத்தாகும் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ பாதி அளவுக்கு, ஃப்யூச்சர்ஸை விற்றுவைத்துப் பாருங்கள். மிஞ்சுவது வளைவும் கரைவும்தான். தொடக்கத்தில் நாளொன்றுக்குக் கரைவது சுமார் 6 புள்ளி. அதை வளைவு ஈட்டித் தர நிஃப்டி ஒரு நாளில், எந்தப் பக்கமானாலும், சுமார் 163 புள்ளி நகர வேண்டும். ஆண்டுக்கு 13 சதவீதம் என்ற எதிர்பார்ப்பை ஒரு நாளுக்குச் சுருக்கினால் வருவதும் இதே 163தான்! நகர்வு இரட்டித்தால் வரவு நான்கு மடங்கு, 24 புள்ளி. நகர்வு பாதியானால் ஒன்றரைப் புள்ளிதான். வாடகையோ அதே 6. ஆக, சந்தை எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஆடினால் வாங்கியவருக்கு லாபம், குறைவாக ஆடினால் விற்றவருக்கு. வளைவு இருக்கிறது என்பதாலேயே யாருக்கும் லாபம் வந்துவிடாது. அதன் விலை ஏற்கெனவே பிரீமியத்துக்குள் இருக்கிறது.

அவருடைய துருப்புச்சீட்டு 2024 ஜூன் 4. தேர்தல் முடிவு நாள். நிஃப்டி 1,379 புள்ளி, ஏறத்தாழ 6 சதவீதம் சரிந்தது. புட் வைத்திருந்தவர்கள் அள்ளினார்கள், விற்றிருந்தவர்கள் நொறுங்கினார்கள். மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு ஏப்ரல் பிற்பாதியில் 10ஐ ஒட்டி இறங்கியிருந்த இந்தியா விக்ஸ் மே இறுதியில் 24ஐத் தொட்டிருந்தது. நடப்பு விலையை ஒட்டிய ஆப்ஷனின் பிரீமியம் இந்த எதிர்பார்ப்புக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் நகரும். அதாவது கூட்டத்தோடு கூட்டமாகக் கடைசி நேரத்தில் நுழைந்தவர் அதே வளைவுக்கு இரட்டை வாடகைக்கும் மேலே கட்டினார். மேலும், கருத்துக்கணிப்பை நம்பி ஜூன் 3 அன்று கால் வாங்கியவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. அவர்களில் அந்த வாரமே முடியும் ஆப்ஷனை வாங்கியவர்களின் நஷ்டமும் வரம்புக்குள்தான் இருந்தது. என்ன, அந்த வரம்பு கட்டிய பணம் கிட்டத்தட்ட முழுவதும்.

வரம்பு என்பது ஒரு ஆப்ஷனுக்கு. அதை வாங்குகிற ஆளுக்கு அல்ல. வாராவாரம் வாங்கினால் அந்தச் சிறிய வரம்பு வாராவாரம் கழியும். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் சந்தையில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்ததாக செபி சொன்னது. அதில் விற்றவர்களும் உண்டு, எல்லாப் பழியையும் தீட்டாவின் மேல் போடமாட்டேன். ஆனால் “வாங்கினால் பாதுகாப்பு” என்று எழுதுகிறவர் இந்த எண்ணுக்கு ஒரு பதிலாவது வைத்திருக்க வேண்டாமா?

கையில் பங்குகளை வைத்துக்கொண்டு, சரிவுக்குக் காப்பாக புட் வாங்குகிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் வாடகை என்று தெரிந்தே கட்டுகிறார். கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது ஜூன் 4இன் லாபத்தை மட்டும் போடாமல், அதற்கு முந்தைய ஓராண்டில் மாதாமாதம் புட் வாங்கிக் காலாவதியாக விட்ட செலவையும் பக்கத்துப் பத்தியில் அச்சிடட்டும். கூட்டிக் கழிக்கும் வேலையை வாசகர்கள் பார்த்துக்கொள்வார்கள்.