கோட்டின் வால் சொல்வதை நம்பலாமா?

தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய 151 பேரிடம் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை ஒரு சோதனை நடத்தியது. எல்லோருக்கும் மாத்திரைகள், பாதிப் பேருக்கு மட்டும் கூடவே 20 மில்லிகிராம் நிவோலுமாப் ஊசி. முடிவு, இறங்கும் படிக்கட்டு மாதிரி இரண்டு கோடுகள். ஒவ்வொரு படி இறக்கமும் மரணம். ஓராண்டு முடிவில் ஊசி போட்டவர்களில் 43 சதவீதம் பேர் உயிரோடு, மற்றவர்களில் 16.

கோட்டில் தெரியும் சின்னக் குறுக்குக் கீற்று மரணமல்ல. அதுவரை உயிரோடு இருந்தார், அதற்குமேல் தகவல் இல்லை என்று அர்த்தம். தூத்துக்குடித் துறைமுகத் தொழிலாளி ஒருவர் ஏழாம் மாதம் மும்பை போவதை நிறுத்தினால், அங்கே ஒரு கீற்று விழும். அவர் நோய் முற்றியதால் நின்றிருந்தால்? கோடு உண்மையைவிட உயரமாகத் தெரியும். அதனால் ஒரு பக்கம் மட்டும் கீற்றுகள் குவிந்தால் சந்தேகப்படணும்.

கோட்டைச் சுற்றிய நிழல்பட்டை, கணக்கு எவ்வளவு தள்ளிப்போகலாம் என்பதைக் காட்டுகிறது. ஓராண்டில் அது 31–55, 8–27, இரண்டும் தொடவில்லை. ஆனால் வால்பகுதியில் நாலு பேர்தான் மிச்சமென்றால், ஒரு மரணமே கோட்டைக் கால்பங்கு இறக்கிவிடும். பட்டை விரிந்த இடத்தில் நம்பிக்கையைச் சுருக்கிக்கொள்வதே சரி.