அடி கற்றுத் தரும் பாடம்

"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள், சார்" என்று சொல்லித்தான் என் தந்தையார் என்னைப் பள்ளியில் சேர்த்தார். இங்கே பெங்களூருவில் நம்மவர் சிலர் இன்றும் "அடியாத மாடு படியாது" என்கிறார்கள். மாடு படியலாம், பிள்ளை எதைக் கற்கிறது?

2011-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகள். ஒன்றில் பிரம்படி உண்டு. மற்றதில் கண்டிப்போடு சரி. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம், பின்னாலிருக்கும் பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போனார். இரு பள்ளியிலும் பெரும்பாலோர் பார்த்துவிட்டார்கள். "பார்த்தாயா?" என்று கேட்டபோது, அடிக்கும் பள்ளியில் ஏறத்தாழ எல்லோரும் பொய் சொன்னார்கள். மற்றதில் பலர் ஒப்புக்கொண்டார்கள். "அது என்ன பொம்மை?" என்று மடக்கியபோதும், அடிக்கும் பள்ளிப் பிள்ளைகளே சாமர்த்தியமாகச் சமாளித்தார்கள்.

இரண்டே பள்ளிகள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரயில்வேயில் நான் கண்டதும் இதுவே. தண்டனைக்கு அஞ்சும் ஊழியர் தண்டவாள விரிசலைத் தாமதமாகக் கண்டால் சொல்லத் தயங்குவார். விரிசலோ வளர்ந்துகொண்டே போகும். மறைக்கும் பழக்கம் வகுப்பறையோடு நிற்பதில்லை.

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. "அடியுங்கள்" என்று ஆசிரியருக்கு அனுமதி தரும் உரிமை பெற்றோருக்கும் இல்லை. அன்பர்களே, உங்கள் பிள்ளை தன் தவறைத் தானே வந்து சொல்கிறதா? இன்று மாலை கவனித்துப் பாருங்கள்.